ஐந்து முகமுள்ள பெட்டி

அம்சவள்ளி டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரில் சொல்வார்கள். சும்மா சொல்வது. மூக்கு நுனிவரை வந்து நிற்கிற அளவுக்கு அந்தக் கோபத்துக்கு என்றைக்குப் பொறுமை இருந்தது? விழுப்புரத்தில் காலை ஏழு பத்து பஸ்ஸில் ஏறும்போதே ஆரம்பித்துவிடும். படியில் நின்றுகொண்டு செல்போன் நோண்டுகிறவனை, “இன்னா தம்பி, வழியிலேயே குடித்தனம் வச்சிட்டியா?” என்று ஒரு தள்ளு. திண்டிவனத்தில் இறங்கி டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது, நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்துகிற டிரைவருக்கு ஒரு அர்ச்சனை. கிளியனூர் தாண்டி ஸ்கூல் வாசலில் கால் வைக்கும்போது நன்றாகச் சூடேறியிருக்கும்.

இருபத்தேழு வருஷமாக இதே ஸ்கூல், இதே நாலாம் வகுப்பு. நிதியுதவி பெறும் பள்ளி என்பதால் இடமாற்றம் கிடையாது. வீட்டுக்காரர் ஆனந்தராஜ் விழுப்புரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். சாது. “உன் கோவத்தயெல்லாம் ஸ்கூல்லயே எறக்கி வச்சிட்டு வா. இங்க வச்சிக்க எடமில்ல” என்பார். அதற்கும் ஒரு முறைப்பு கிடைக்கும். கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று அவளுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். அந்தக் குணம் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றை என்ன பாடு படுத்தியது என்பதையும் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். கணக்கு என்றால் அவளுக்கு உயிர். கன உருவங்கள் பாடத்தைப் படத்தைக் காட்டி ஒப்பேற்றுகிற ஜாதி இல்லை அவள். வருஷா வருஷம் அந்தப் பாடம் வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே, “வூட்டுல சோப்பு டப்பா, பேஸ்ட் டப்பா எதயும் தூக்கிப் போடாதீங்க, எடுத்துக்கினு வாங்க” என்று சொல்லிவிடுவாள். பிள்ளைகள் அந்த டப்பாவின் ஒட்டைப் பிரித்துத் தரையில் தட்டையாக விரிப்பார்கள். அப்படி விரித்துப் போட்ட வடிவத்துக்குத்தான் பாடப் புத்தகத்தில் ‘வலை’ என்று பெயர். மறுபடி மடித்தால் டப்பா. விரித்தால் வலை. நாலு தடவை மடித்து விரித்தால் போதும், பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

எண்ணுவதற்கும் அவளிடம் ஒரு முறை உண்டு. பிள்ளைகள் பெட்டியைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றி எண்ணும்போது எண்ணியதையே திரும்ப எண்ணும். கனச்சதுரத்துக்குப் பதினைந்து விளிம்பு, பத்து முனை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லும். அதனால் ஸ்கெட்ச் பேனா. எண்ணிய முகத்தில் ஒரு நம்பர், எண்ணிய விளிம்பில் ஒரு கோடு, எண்ணிய முனையில் ஒரு புள்ளி. புள்ளி இருந்தால் தொடக்கூடாது. கடைசியில் கோடு இல்லாத விளிம்பு இருக்கிறதா, புள்ளி இல்லாத முனை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அட்டவணையில் எழுத வேண்டும். இந்த முறையில் எண்ணினால் எவனும் தப்பு செய்ய முடியாது என்று அவளுக்கு ஒரு கர்வம். கர்வம் நியாயமானதுதான்.

அந்த வியாழக்கிழமை எல்லாமே ஜல்தி ஜல்தி. பிள்ளைகள் உருவம் செய்கிற போட்டோவை மத்தியானத்துக்குள் வாட்ஸப்பில் போட வேண்டும் என்று தலைமை ஆசிரியர் கண்ணையன் காலையிலேயே வாசலில் நின்றார். கையில் சொரசொரப்பான வெள்ளை அட்டைகள். அம்சவள்ளி தன் கையால் வரைந்து கொடுத்த வலைகளைத் திண்டிவனத்தில் ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தார்.

“டீச்சர், கனச்சதுரம் மட்டும் பத்து அட்டையிலயே முடிச்சிட்டேன். ஒண்ணுல ரெண்டு வர்ற மாதிரி பண்ணிட்டேன். வெட்டிக் குடுத்துடுங்க” என்றார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

“சரி சார், வைங்க” என்று வாங்கி மேஜையில் போட்டாள். பிரித்துப் பார்க்கவில்லை. அங்கேதான் முதல் தப்பு. தான் வரைந்த படம்தானே என்று இருந்துவிட்டாள்.

பத்தொன்பது பிள்ளைகள். கத்தரிக்கோல் ஆறு. கோந்து மூன்று டப்பா. ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குக் கோந்தைக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அட்டையில் ஒட்டுவதைவிடச் சட்டையில் ஒட்டுவதுதான் அதிகம். ஒருத்தி தலைமயிரில் தடவிக்கொண்டாள். ஒருத்தன் ஒட்டுப்பட்டையை வேண்டாத காகிதம் என்று நினைத்து வெட்டித் தள்ளிவிட்டு, “டீச்சர், ஒட்ட மாட்டேங்குது” என்று அழுதான். அம்சவள்ளி பிரமிடுக்கும் முக்கோணப் பட்டகத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டே கத்தினாள்.

“மடிக்கிற கோட்டுல ஸ்கேல வச்சி அழுத்துங்கடா! அழுத்தாம மடிச்சா அது பொட்டியா ஆவாது, போண்டாதான் ஆவும்!”

கரும்பலகையில் அட்டவணை போட்டிருந்தாள். உருவம், முகம், விளிம்பு, முனை. நாலு கட்டம் குறுக்கே, நாலு உருவம் கீழே. மாதிரிக்கு இருக்கட்டும் என்று கனச்சதுரத்தின் வரிசையைத் தானே நிரப்பினாள். ஆறு, பன்னிரண்டு, எட்டு. “இது மாதிரி மத்ததெல்லாம் எண்ணிப் பார்த்து எழுதணும். இதயும் எண்ணிச் சரிபாத்துட்டுதான் எழுதணும். புரியுதா?”

“புரியுது டீச்சர்” என்று பத்தொன்பது வாயும் ஒரே ராகத்தில் பாடின.

பதினொன்றரைக்கு நோட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாம் சரி. கனச்செவ்வகம் ஆறு, பன்னிரண்டு, எட்டு. சதுரப் பிரமிடு ஐந்து, எட்டு, ஐந்து. முக்கோணப் பட்டகம் ஐந்து, ஒன்பது, ஆறு. அவசரத்தில் செய்த வேலைக்கு இது பெரிய விஷயம். மனசு கொஞ்சம் குளிர்ந்தது. ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் ஃபர்ஹீன் நோட்டுக்கு வந்தாள்.

ஃபர்ஹீன் கோட்டக்குப்பத்துப் பிள்ளை. அவள் அத்தா ஷேக் தாவூத் குவைத்தில் வேலை பார்க்கிறார். அம்மா பரக்கத் நிஷா, தன் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று ஜூன் மாதம் இந்த ஊருக்கு வந்து வாடகைக்கு வீடு பிடித்திருந்தாள். வந்ததிலிருந்து பிள்ளை வாய் திறந்து பேசியது குறைவு. கேட்டால் தலையாட்டும். எழுதச் சொன்னால் எழுதும், மெதுவாக. எல்லோரும் முடித்துச் சட்டையில் கையைத் துடைக்கும்போது இது பாதியில் இருக்கும்.

நோட்டில் கனச்செவ்வகம் சரி. பிரமிடு சரி. பட்டகம் சரி. முதல் வரிசையில், கனச்சதுரத்துக்கு நேரே, முகம் ஐந்து என்று எழுதியிருந்தது. விளிம்பு பன்னிரண்டு, முனை எட்டு.

அம்சவள்ளிக்குச் சுருக்கென்று ஏறியது. எண்ணத் தெரியாமல் போனால்கூடப் பரவாயில்லை. போர்டில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதவுமா தெரியாது?

“இன்னா இது?”

ஃபர்ஹீன் எழுந்து நின்றாள்.

“கனச்சதுரத்துக்கு எத்தினி முகம்?”

“அஞ்சு டீச்சர்.” குரல் வெளியே வரவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“அஞ்சா? அப்ப போர்டு பொய் சொல்லுதா? நான் பொய் சொல்றேனா?”

பிள்ளை குனிந்து தன் பெட்டியை எடுத்தது. இரண்டு கையாலும் தூக்கி நீட்ட வந்தது.

“பொட்டியக் கீழ வை! போர்டப் பாரு! கண்ணு தெரியலன்னா சொல்லு, முன்னாடி உக்கார வக்கிறேன். ஊரே ஆறுன்னு எழுதியிருக்கு, உனக்கு மட்டும் தனியா ஒரு கணக்கா?” சிவப்புப் பேனா நோட்டில் விழுந்தது. இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக ஒரு பெருக்கல் குறி. “அழிச்சிட்டு ஒழுங்கா எழுது.”

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஃபர்ஹீன் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். உட்காரவில்லை. உட்காரச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை.

சனியன் அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணையன் உள்ளே வந்தார். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. அந்தத் தாளை அம்சவள்ளிக்கு ஏற்கனவே தெரியும். கற்றலில் பின்தங்கிய பிள்ளைகள் பட்டியல். அதில் பெயர் ஏறிய பிள்ளையைக் கணக்குக்கும் தமிழுக்கும் மூன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பது கண்ணையன் தானாகவே செய்துவைத்திருக்கிற ஏற்பாடு. யாரும் அவரைக் கேட்டதில்லை. பேசாத பிள்ளை தெரியாத பிள்ளை என்பது அவர் கட்சி. ஜூலையில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை ஃபர்ஹீன் பெயரைக் கேட்டு வந்தார். இரண்டு தடவையும், “என் கிளாஸ் பிள்ளய நான் பாத்துக்கறேன், நீங்க போங்க சார்” என்று விரட்டியிருந்தாள்.

“இன்னா டீச்சர், சத்தம் ஆபீஸ் ரூம் வரைக்கும் கேக்குது?”

“இன்னாவா? ஆறு எண்ணத் தெரியல சார் இதுக்கு! போர்டப் பாத்துகூட எழுதத் தெரியல!”

“நான் அப்பவே சொன்னேன். நீங்கதான் கேக்கல.” தாளை மேஜையில் விரித்துப் பேனாவைத் திறந்து கொடுத்தார். “மூணரைக்கு அவங்க அம்மாவ வரச் சொல்றேன். இன்னிக்கே முடிச்சிடலாம்.”

கோபத்தில் எடுக்கிற பேனா உருப்படியாக எதையும் எழுதாது. அம்சவள்ளி எழுதினாள். முதலில் மு. ஃபர்ஹீன் என்று எழுதிவிட்டாள், அவசரத்தில் தலைப்பெழுத்தே தப்பு. ஷே. ஃபர்ஹீன் என்று அடித்துத் திருத்தினாள். காரணம் என்ற கட்டத்தில், ‘எண்ணும் திறன் இல்லை’. கீழே கையெழுத்து. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையும்தான்.

சாப்பாட்டு மணி அடித்தது. போட்டோ எடுத்து அனுப்பியாகிவிட்டது. பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சை சாதம். இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை. பஸ்ஸில் வந்த வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் பிள்ளைகளை உடற்பயிற்சிக்கு வெளியே விட்டிருந்த நேரம். இரண்டே முக்கால் இருக்கும். செய்த உருவங்களை நூலில் கோத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டால் அழகாக இருக்கும் என்று ஊசியும் நூலுமாக வந்தாள். பெஞ்சுகளில் எல்லாப் பெட்டிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முதல் பெஞ்சில் இருந்த கனச்சதுரத்தைத் தூக்கினாள்.

விரல் உள்ளே போய்விட்டது.

அடியில் ஒன்றுமே இல்லை. ஓட்டை. ஒட்டு விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து அடுத்ததைத் தூக்கினாள். அதிலும் ஓட்டை. அடுத்தது. அதற்கடுத்தது. பெஞ்சு பெஞ்சாகப் போய்த் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பத்தொன்பது பெட்டி, பத்தொன்பதிலும் அடிப்பக்கம் ஓட்டை. மேல்பக்கம் மட்டும் தொட்டால் தடிமனாக இருந்தது. நகத்தால் நெம்பினாள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அட்டை.

குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். வெட்டும்போது கோணிப்போனதென்று யாரோ எறிந்த வலை ஒன்று கிடைத்தது. தரையில் விரித்துப் பார்த்தாள். அவள் வரைந்தது அவளுக்குத் தெரியாதா? வரிசையாக நாலு சதுரம், மேலே ஒன்று, கீழே ஒன்று. நாலும் சுற்றுச்சுவர், மேலே உள்ளது மூடி, கீழே உள்ளது தரை. இந்தத் தாளில் கீழே ஒன்றுமில்லை. முதல் சதுரத்தின் தலையில் ஒன்று, மூன்றாம் சதுரத்தின் தலையில் ஒன்று. இரண்டும் மேலே. வெட்டி ஒட்டிய இடத்தில் ஜெராக்ஸில் மெல்லிய கறுப்புக் கோடுகூட விழுந்திருந்தது.

ஒண்ணுல ரெண்டு வர்ற மாதிரி பண்ணிட்டேன். காலையில் அவர் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது. சதுரம் ஒவ்வொன்றும் நாலரை சென்டிமீட்டர். ஒட்டுப்பட்டையையும் சேர்த்தால் அவள் வரைந்த வலை ஓர் அட்டையில் ஒன்றுதான் உட்காரும். கீழே தொங்கிய சதுரத்தைக் கத்தரித்து மேலே ஒட்டினால் உயரம் குறையும், இரண்டு உட்காரும். அட்டை மிச்சம்!

மேல் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் மூடும். அடி திறந்தே கிடக்கும். நாலு பக்கம், ஒரு மூடி. ஐந்து முகம். விளிம்பு பன்னிரண்டுதான், திறந்த வாயின் நாலு விளிம்பும் இருக்கிறதே. முனையும் எட்டுதான். ஐந்து, பன்னிரண்டு, எட்டு.

வகுப்பிலேயே ஒரே ஒரு பிள்ளைதான் எண்ணியிருக்கிறது.

அம்சவள்ளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அதைவிடப் பெரிய கொடுமை அதன்பிறகுதான் உறைத்தது. மற்ற பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் கண் இல்லையா? ஒட்டும்போது ஓட்டை தெரியாமலா ஒட்டினார்கள்? தெரிந்தது. பெட்டியெல்லாம் ஓட்டை கீழே இருக்கும்படி வைத்திருக்கிறார்களே, ஒன்றுகூடத் தப்பாமல்! நாலைந்து பெட்டிகளில் முகத்துக்கு நம்பர் போட்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறு எங்கும் இல்லை. நோட்டில் மட்டும் ஆறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒன்பது வயதிலேயே பழகியாகிவிட்டது. பழக்கியது யார்?

வெளியே போய், கையில் அகப்பட்ட முதல் பிள்ளையைப் பிடித்தாள். கலைமதி, வகுப்பில் முதலாவது வருகிறவள்.

“உன் பொட்டியில அடி இல்லடி. அப்புறம் எப்படி ஆறுன்னு எழுதின?”

கலைமதிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “போர்டுல ஆறு இருந்துச்சே டீச்சர்” என்றாள்.

அவளைத் திட்ட வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள். எய்தவள் இங்கே நிற்க, அம்பை நொந்து என்ன பயன்? ஆபீஸ் அறையைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் ஒரு ஜோடி பெண் செருப்பு கிடந்தது. அப்போதுதான் மணி மூன்றரை என்று தெரிந்தது. ஒரு பெட்டியையும் குப்பையில் கிடைத்த அந்த வலையையும் அள்ளிக்கொண்டு ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதுக்கு அது ஓட்டம்தான்.

உள்ளே பரக்கத் நிஷா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பேனா அவள் கையில் இருந்தது. கண்ணையன் விரலால் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“பயப்பட ஒண்ணும் இல்லம்மா. மூணாங்கிளாஸ்ல உக்காந்தா அடித்தளம் ஸ்ட்ராங் ஆவும். இந்தா, இங்க ஒரு கையெழுத்து.”

“வூட்டுல நல்லாத்தான் சார் எண்ணுவா. மல்லாட்டை உரிக்கிறப்பகூட ஒரு கொட்டைக்கு எத்தினி பருப்புன்னு எண்ணிக்கினே உரிப்பா.” அவள் வாசலில் அம்சவள்ளியைப் பார்த்ததும் எழுந்தாள். “நீங்களே சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர். உங்க கையெழுத்தப் பாத்துட்டுத்தான் நானும் போடலாம்னு...”

இதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம்.

“போடாதம்மா. பேனாவ மூடு.” அம்சவள்ளி கண்ணையன் மேஜையில் அந்த வலையை அடித்து வைத்தாள். “சார், இத இன்னா பண்ணீங்க?”

“ஏன், ரெண்டா வர்ற மாதிரி பண்ணேன். காலையிலயே சொன்னேனே.”

“கீழ இருந்த கட்டத்தப் பிடுங்கி மேல ஏன் ஒட்டினீங்க?”

“ஆறு கட்டம் இருக்குதா இல்லியா? எண்ணிக்கோங்க. இங்கேருந்து எடுத்து அங்க வச்சேன். கட்டம் எங்க போயிடப் போவுது?” அவர் சிரித்தார். “சின்ன விஷயத்துக்கு இன்னா பேஜாரு பண்றீங்க டீச்சர்.”

“தரையப் பேத்து மொட்டமாடி மேல இன்னொரு தளமாப் போட்டா உங்க வூட்டுல எங்க சார் நிப்பீங்க? மடிங்க. உங்க கையாலயே மடிங்க.”

“டீச்சர், பேரன்ட் இருக்காங்க...”

“பேரன்ட் பாக்கட்டும். மடிங்க சார்!”

அந்தக் குரலுக்கு டவுன் பஸ்ஸே நிற்கும். கண்ணையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மடித்தார். நாலு சதுரமும் சுற்றி வந்தன. மேலே இருந்த ஒன்றை மடித்து மூடினார். இன்னொன்றை மடித்தார். அது மூடியின் மேலேயே போய் உட்கார்ந்தது. பெட்டியைத் திருப்பினார். ஓட்டை வழியாக அவருடைய சட்டைப் பொத்தான் தெரிந்தது.

“எத்தினி முகம் சார்?”

கண்ணையன் பெட்டியைக் கீழே வைக்கப் போனார்.

“சும்மா எண்ணிச் சொல்லுங்க. எண்ணும் திறன் இருக்குல்ல?”

“அஞ்சு” என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

“அந்தப் பிள்ள அஞ்சுன்னுதான் எழுதுச்சு. பத்தொன்பதுல அது ஒண்ணுதான் கையில இருந்த பொட்டிய எண்ணுச்சு. அதுக்குத்தான் நான் சிவப்புப் பேனாவால கோடு போட்டு, எல்லார் முன்னாடியும் நிக்க வச்சி, உங்க லிஸ்ட்ல கையெழுத்தும் போட்டுக் குடுத்தேன். பொட்டியத் தூக்கிக் காட்டுச்சு சார்! கீழ வைன்னு சொன்னேன்!”

பரக்கத் நிஷாவின் கை புர்க்காவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. அம்சவள்ளியைப் பார்த்த பார்வையில் நன்றி எதுவும் இல்லை. ஏன் இருக்க வேண்டும்?

கண்ணையன் தொண்டையைச் செருமினார். “சரி, ஜெராக்ஸ்ல ஒரு சின்ன மிஸ்டேக். ஒத்துக்கறேன். ஆனா லிஸ்ட் எழுதியாச்சு. ஒரு பேர்தான. ஒரு மாசம் மூணாங்கிளாஸ்ல உக்காரட்டும், அப்புறம் பாத்துக்கலாம். தாள்ல அடிச்சிக்கினு திருத்திக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?”

அம்சவள்ளி தாளைப் பிடுங்கினாள். ஃபர்ஹீன் பெயர்மேல் ஒரு கோடு. காரணத்தின்மேல் ஒரு கோடு. தன் கையெழுத்தின்மேல், தாள் கிழிகிற மாதிரி, மூன்று கோடு. ஓரத்தில் எழுதினாள்: ‘இது என் தவறு. மாணவி சரியாக எண்ணினாள்.’ தேதி போட்டு மறுபடி கையெழுத்துப் போட்டாள்.

“நிர்வாகிகிட்ட சொல்வேன் டீச்சர்.”

“தாராளமா சொல்லுங்க. போறப்ப இந்தப் பொட்டியயும் எடுத்துக்கினு போங்க. அவரும் ஒரு தடவ எண்ணட்டும்.”

ஆயா சவுரியம்மாளைக் கூப்பிட்டு, ஃபர்ஹீனை நோட்டோடும் பெட்டியோடும் அழைத்து வரச் சொன்னாள். அந்த ஐந்தைக் கண்ணையன் கண்ணால் பார்க்க வேண்டும். அவள் அம்மா பார்க்க வேண்டும். தான் போட்ட சிவப்புக் கோட்டுக்குமேல் எல்லோர் முன்னாலும் சரி என்று எழுதி மார்க் போட வேண்டும். அவ்வளவு செய்தால் கொஞ்சமாவது ஆறும் என்று நினைத்தாள்.

பிள்ளை வந்தது. அம்மாவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. நோட்டை நீட்டியது.

அம்சவள்ளி பக்கத்தைத் திருப்பினாள். சிவப்புப் பெருக்கல் குறி அப்படியே இருந்தது. அதன் நடுவில், கனச்சதுரத்துக்கு நேரே, முகம் ஆறு என்று இருந்தது. ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் அங்கே மெலிந்து, ஒரு பொட்டளவு கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலை விட்டுத் தள்ளி, அழகாக, நிதானமாக, ஆறு.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் தட்டோடு ஓடியபோது இது உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்திருக்கிறது. டீச்சர் சொன்னார்கள் அல்லவா, அழித்துவிட்டு ஒழுங்காக எழுது என்று. ஒழுங்கான பிள்ளை. எழுதிவிட்டது.

அம்சவள்ளிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபத்தேழு வருஷமாக டிரைவரையும் கண்டக்டரையும் கண்ணையனையும் பிள்ளைகளையும் எரித்துக்கொண்டிருந்த கோபம், அன்றைக்கு எரிக்க வேறு ஆள் கிடைக்காமல் அவள் பக்கமே திரும்பியது. நன்றாக எரியட்டும்.

“ஃபர்ஹீன், டீச்சர் பண்ணது தப்பும்மா. நான் பொட்டியப் பாக்காமயே உன்னத் திட்டிட்டேன். நீ எழுதினதுதான் சரி. அழிச்சிட்டு மறுபடி எழுது.”

பிள்ளை ரப்பரை எடுத்தது. பென்சிலை எடுத்தது. நோட்டின்மேல் குனிந்தது. நிமிர்ந்து அம்சவள்ளி முகத்தைப் பார்த்தது.

“எது போடணும் டீச்சர்?”

ஐயோ. அம்சவள்ளிக்கு வாய்வரை வந்துவிட்டது, ஐந்து போடு என்று. சொல்லியிருந்தால் போட்டிருக்கும். ஏழு போடு என்றாலும் போட்டிருக்கும். காலையில் வகுப்பு முழுவதற்கும் எதிராக ஒற்றையாக நின்று ஐந்து என்று சொன்ன பிள்ளை. நாலே மணி நேரத்தில் அதையும் பத்தொன்பதாவது கலைமதி ஆக்கியாகிவிட்டது.

“அஞ்சு போடும்மா, ஜல்தி” என்றார் கண்ணையன், விஷயம் முடிந்தால் சரி என்று.

“நீங்க வாய மூடுங்க சார்!” என்று ஒரு கத்து. பரக்கத் நிஷா திடுக்கிட்டாள். பிறகு அம்சவள்ளி பிள்ளையிடம் குரலை இறக்கினாள். இறக்குகிற பழக்கமே இல்லாததால் அது கரகரத்து வந்தது. “என் மூஞ்சியில ஒண்ணும் எழுதல. பொட்டியப் பாரு. எண்ணு.”

பிள்ளை பெட்டியைப் பார்க்கவில்லை. டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

அம்சவள்ளி சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். நாட்காட்டியும் மணியடிக்கிற இரும்புத் துண்டும் தொங்குகிற சுவர். “நான் பாக்கல. நீயா எண்ணி நீயா எழுது. எம்மாம் நேரம் ஆனாலும் பரவால்ல.”

ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. கண்ணையன் நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது. பரக்கத் நிஷா, “எண்ணும்மா” என்று மெல்லச் சொன்னாள். நான்கு மணி பஸ்ஸின் ஹாரன் ரோட்டில் கேட்டது. அதை விட்டால் அடுத்தது ஐந்தேகாலுக்குத்தான். போகட்டும்.

பிறகு அட்டையில் விரல் தட்டுகிற சத்தம். ஒன்று. அதற்கப்புறம் ஒன்று. இடைவெளி விட்டு இன்னொன்று. அம்சவள்ளி சுவரைப் பார்த்தபடியே எண்ணினாள். ஐந்தாவது தட்டோடு நின்றது. ரப்பர் தேய்க்கிற சத்தம் வந்தது. பென்சில் சத்தம் வந்தது.

“எழுதிட்டேன் டீச்சர்.”

“இன்னா எழுதின?”

பாவாடை சரசரக்கப் பிள்ளை நடந்து வருகிற சத்தம் கேட்டது. பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வந்து, ஓட்டைப் பெட்டியை அவள் கையில் திணித்தது.

“நீங்க எண்ணிப் பாருங்க” என்றது, இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கிற குரலில்.